இறங்கும் பங்கை இரவல் வாங்கி விற்பது: ஷார்ட் செல்லிங் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பங்கு வாங்கி விற்றுப் பழகியவர்கள், முதல் முறையாக விற்றுவிட்டு வாங்க முயலும்போது என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. பக்கம் முழுவதும் ஒரே ஒரு கற்பனை வர்த்தகத்தை வைத்துப் பேசுகிறேன். நாணயம் எதுவானாலும் கணக்கு மாறாது என்பதால் வெறும் எண்களாகவே கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பங்கு 320-இலிருந்து இறங்கி வருகிறது. முதலில் 262 வரை விழுந்து 288 வரை மீண்டது. பிறகு 228 வரை விழுந்து 248 வரை மீண்டது. கடைசியாக 204-ஐத் தொட்டு 222 வரை எழும்பி, மறுபடி தலை கவிழ்ந்திருக்கிறது. நாம் 214-இல் 400 பங்குகளை விற்கிறோம். கணக்கில் இருக்கும் மொத்தப் பணம் 5 லட்சம். ஏன் 214, ஏன் 400 என்பது போகப்போக விளங்கும்.

1. என்னிடம் இல்லாத பங்கை நான் எப்படி விற்க முடியும்?

இரவல் வாங்கித்தான். அந்தப் பங்கை நீண்ட நாள் வைத்திருக்கும் வேறொருவரிடமிருந்து உங்கள் தரகர் அதை வாங்கித் தருகிறார். அதை நீங்கள் சந்தையில் விற்கிறீர்கள். உங்களிடம் வாங்கியவருக்கு அது இரவல் பங்கு என்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பிற்பாடு ஒரு நாள் சந்தையில் அதே எண்ணிக்கையை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. 214-இல் விற்று 190-இல் வாங்கினால் பங்குக்கு 24 உங்களுடையது. 238-இல் வாங்க நேர்ந்தால் அதே 24 உங்கள் கையைவிட்டுப் போகும்.

இதில் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. நீங்கள் கடன்பட்டிருப்பது பணத்துக்கு அல்ல, பங்குக்கு. பணக்கடன் என்றால் தொகை நிலையாக நிற்கும், வட்டி மட்டும் ஏறும். இங்கே கடனின் அளவே விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். கீழே வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

சில சந்தைகளில் சிறு முதலீட்டாளர்கள் ரொக்கச் சந்தையில் விற்றதை அன்றே வாங்கி மூடிவிடவேண்டும். இரவைத் தாண்டி வைத்திருக்க முடிகிற இடங்களுக்கும் ஏற்பாடுகளுக்குமே இந்தப் பக்கம் பொருந்தும்.

2. விற்ற பணம் கணக்கில் வந்துவிட்டதே, அதை வெளியே எடுக்கலாமா?

முடியாது. 400 பங்குகளை விற்றதில் வந்த 85,600 தரகரிடம் பிணையாக நிற்கும். அதற்கு மேல் உங்கள் சொந்தப் பணமும் வேண்டும். அமெரிக்க விதிப்படி தொடக்கத்தில் விற்ற மதிப்பில் பாதி, அதாவது 42,800. அதன் பிறகு, பங்கின் அன்றைய மதிப்பைப்போல் குறைந்தது 30 சதவீதம் உங்கள் பங்களிப்பாக எப்போதும் இருக்கவேண்டும். பல தரகர்கள் இதைவிட அதிகமாகவே கேட்பார்கள்.

ஒருவர் சரியாக 42,800 மட்டுமே வைத்து இந்த வர்த்தகத்தில் இறங்கினார் என்று கொள்வோம். மொத்தப் பிணை 1,28,400. விலை 247-ஐ நெருங்கும்போது அந்த 30 சதவீத வரம்பு உடைந்துவிடும். 214-இலிருந்து 247 என்பது 15 சதவீத ஏற்றம் மட்டுமே. அப்போது கூடுதல் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் அவர்களே பங்கை வாங்கி மூடிவிடுவார்கள். இந்த விலைக்கு ஏறினால் வாங்கி வெளியேறிவிடுவேன் என்று உங்களுக்கென்று ஒரு ஸ்டாப் வைத்துக்கொள்ளாவிட்டால் தரகரின் ஸ்டாப் உங்களுக்காகக் காத்திருக்கிறது, அது நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்காது.

3. இரவல் கட்டணம் எவ்வளவு? எப்படிப் போடுகிறார்கள்?

ஆண்டு விகிதமாகச் சொல்வார்கள், நாள் கணக்காக எடுப்பார்கள். எல்லோரிடமும் கிடைக்கும் பெரிய நிறுவனப் பங்குகளுக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கலாம். இரவல் கொடுக்க ஆள் குறைந்து, கேட்கும் கூட்டம் பெருகினால் 20, 50, சில சமயம் 100 சதவீதத்தைக்கூடத் தாண்டும். நம் பங்குக்கு 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

```
ஒரு நாள் கட்டணம் = பங்குகள் × அன்றைய விலை × ஆண்டு விகிதம் ÷ 360
400 × 214 × 0.18 ÷ 360 = 42.80
```

சில இடங்களில் 360-க்குப் பதில் 365-ஆல் வகுப்பார்கள். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். 20 நாட்கள் வைத்திருந்தால் ஏறக்குறைய 856. விலை 190-க்கு வந்தால் கிடைக்கும் 9,600-இல் இது பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை, தாங்கலாம். இதே பங்குக்கு 90 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 214, இருபது நாளில் 4,280. லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. திசையைச் சரியாகக் கணித்தும் கை நனையாமல் வெளியேறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சூத்திரத்தில் 'அன்றைய விலை' என்று இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் விற்ற விலை அல்ல. பங்கு ஏறினால் நஷ்டத்தோடு கட்டணமும் ஏறும்.

4. பங்கு தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது, புதிய தாழ்வை உடைத்தவுடன் விற்றுவிடலாம் அல்லவா?

விற்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்டாப்பை நினைத்துப் பார்த்தால் அது செலவு அதிகமான நுழைவு. 204-க்குக் கீழே 203-இல் விற்கிறீர்கள் என்று வையுங்கள். இறங்குமுகம் முடிந்துவிட்டது என்பதைக் காட்டக்கூடிய மிக அருகிலுள்ள இடம் மேலே 222-இல் இருக்கிறது. நுழைவுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம். மேலும், விழுந்து களைத்த பங்கில் ஏற்கெனவே லாபத்தில் இருப்பவர்கள் வாங்கி மூடத் தொடங்குவார்கள். இறங்குமுகத்தின் நடுவே வரும் ஏற்றங்கள் அவ்வளவு செங்குத்தாக இருப்பதற்கு இந்த அவசர வாங்குதல் ஒரு முக்கியக் காரணம்.

எனக்குப் பிடித்தது, மீண்டெழுந்த விலை தோற்றுத் திரும்பும் இடம். நம் எடுத்துக்காட்டில் பங்கு 222 வரை ஏறியது. அது முந்தைய உச்சமான 248-க்கு வெகு கீழே. அந்த 222-ஐத் தொட்ட நாளின் தாழ்ந்த விலை 214.50 என்று கொள்வோம். அடுத்த நாள் விலை அதற்குக் கீழே போகும்போது 214-இல் விற்கிறோம். ஏறிவந்த கால் உடைந்ததற்கு அதுவே முதல் அடையாளம். 222 இப்போது தலைக்கு மேலே அருகிலேயே இருக்கிறது.

5. சரி, ஸ்டாப்பை எங்கே வைப்பது?

நீங்கள் ஏன் விற்றீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். 'ஒவ்வொரு மீட்சியும் முந்தையதைவிடத் தாழ்ந்த உச்சத்தில் நின்றுவிடுகிறது, 222-உம் அப்படி ஓர் உச்சம்.' அந்த வரி எந்த விலையில் பொய்யாகும்? 222-ஐத் தாண்டினால். ஆகவே ஸ்டாப் இருக்கவேண்டியது அதற்கு மேலே.

சரியாக 222.10-இல் வைக்காதீர்கள். அந்த உச்சம் உங்களுக்கு மட்டும் தெரிவதில்லை, திரையைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், எல்லோருடைய வாங்கும் ஆணைகளும் அங்கேதான் குவிந்திருக்கும். விலை ஒரு நொடி அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது அன்றாடம் நடப்பது. கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். அதை அளக்க நான் பயன்படுத்துவது ஏடிஆர் எனப்படும் சராசரி வீச்சு: கடந்த 14 நாட்களில் பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. நம் பங்குக்கு அது 8. அதில் பாதி, அதாவது 4-ஐச் சேர்த்தால் 226. இதுதான் நம் ஸ்டாப். பாதி என்பது வேதவாக்கு அல்ல. அமைதியான பங்குக்குக் கால் பங்கும் போதும், துள்ளும் பங்குக்கு முழு வீச்சும் வேண்டியிருக்கலாம்.

6. எதற்கு இவ்வளவு வேலை? எல்லாப் பங்குக்கும் 2 சதவீதம் என்று வைத்துவிட்டால் ஒழுக்கமாக இருக்குமே?

214-க்கு மேலே 2 சதவீதம் என்றால் 218.28. நம் பங்கு ஒரு நாளில் சராசரியாக 8 அசைகிறது என்று இப்போதுதான் பார்த்தோம். உங்கள் ஸ்டாப் அதில் ஏறக்குறைய பாதித் தூரத்திலேயே இருக்கிறது. இறங்குமுகம் துளியும் கெடாமலேயே நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள், பிறகு பங்கு 190-க்குப் போவதைக் கரையிலிருந்து பார்ப்பீர்கள். இப்படி மூன்று முறை நடந்தால் நான்காவது முறை ஸ்டாப்பே வைக்கமாட்டீர்கள். அந்த நான்காவது முறைதான் ஆபத்து.

7. 226 வெகு தூரத்தில் இருக்கிறதே, நஷ்டம் அதிகமாகாதா?

தூரம் நஷ்டத்தைத் தீர்மானிப்பதில்லை, தூரமும் எண்ணிக்கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஸ்டாப்பைப் பங்கு சொல்லட்டும், எண்ணிக்கையை உங்கள் பை சொல்லட்டும். ஒரு வர்த்தகத்தில் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கமாட்டேன் என்று முடிவெடுத்திருந்தால் அது 5,000. பங்குக்கு இழப்பு 226 − 214 = 12. 5,000-ஐ 12-ஆல் வகுத்தால் 416. கீழ்நோக்கி முழுமையாக்கினால் 400. ஸ்டாப் பட்டால் இழப்பு 4,800.

நான்காம் கேள்வியில் 203-இல் விற்றவருக்கும் ஸ்டாப் அதே 226-தான். அவருக்குப் பங்குக்கு இழப்பு 23, ஆகவே எண்ணிக்கை 217-ஐத் தாண்டக்கூடாது. நுழைவு தாமதமானதற்கான தண்டனையை அவர் எண்ணிக்கையில் கட்டவேண்டும். பெரும்பாலோர் எண்ணிக்கையைக் குறைக்காமல் ஸ்டாப்பை நெருக்கமாக இழுத்துக் கொள்கிறார்கள். அது ஆறாம் கேள்விக்கே திரும்பிப் போவது.

8. 'எல்லையற்ற நஷ்டம்' என்பது புத்தகப் பயமுறுத்தல்தானே? எந்தப் பங்கும் எல்லையில்லாமல் ஏறுவதில்லையே.

எல்லையில்லாமல் ஏறாது, உண்மை. உங்கள் பணத்தைத் தாண்டி ஏறினால் போதும். பங்கை வாங்கியவர் போட்ட பணத்துக்கு மேல் இழக்கமுடியாது, விலைக்குப் பூஜ்ஜியம் என்ற தரை உண்டு. விற்றவருக்கு லாபத்தில்தான் அந்தத் தரை, நஷ்டத்துக்குக் கூரை கிடையாது.

எண்ணிக்கையில் தெரியாத இன்னொரு கோணமும் உண்டு. விலை பாதியாகி 107-க்கு வந்தால் நம் 85,600 மதிப்பிலான நிலை 42,800-ஆகச் சுருங்கும். அதாவது, நம் கணிப்பு சரியாக இருக்கும்போது பந்தயம் சிறிதாகிறது. 214-இலிருந்து அதே அளவு மேலே ஏறி 321 ஆனால் நிலை 1,28,400-ஆக வீங்கும். தவறாக இருக்கும்போது பந்தயம் பெரிதாகிறது. வாங்கியவருக்கு இது தலைகீழ். வாங்கிய பங்கு விழவிழக் கணக்கில் அதன் எடை குறைவதால் 'மறந்துவிட்டு இருப்போம்' என்று ஆறப்போட முடிகிறது. விற்ற பங்கை அப்படி ஆறப்போட முடியாது.

2008 அக்டோபரில் வோக்ஸ்வாகன் பங்கில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. போர்ஷே நிறுவனம், நேரடிப் பங்குகளும் ஆப்ஷன்களுமாகச் சேர்த்து 74.1 சதவீதம் தன் கையில் இருப்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. இன்னொரு 20 சதவீதம் லோயர் சாக்சனி மாநில அரசிடம் இருந்தது. இரவல் விற்றவர்கள் திருப்பிக் கொடுக்கவேண்டிய அளவுக்குச் சந்தையில் பங்கே இல்லை. வெள்ளியன்று 210 யூரோவை ஒட்டியிருந்த விலை, செவ்வாயன்று சிறிது நேரம் 1,000 யூரோவைத் தாண்டியது. அந்தப் பங்கு அவ்வளவு பெறாது என்று நினைத்தவர்களின் கணிப்பு தவறல்ல. அதை நிரூபிக்கும்வரை அவர்களிடம் பணம் நிற்கவில்லை.

9. ஸ்டாப் போட்டுவிட்டேன். இனி 4,800-க்கு மேல் போகாது என்று நிம்மதியாக இருக்கலாமா?

சந்தை திறந்திருக்கும்போது, வழக்கமான நாளில், ஏறக்குறைய இருக்கலாம். ஸ்டாப் என்பது 'விலை 226-ஐத் தொட்டால் கிடைக்கும் விலைக்கு வாங்கு' என்ற ஆணை. 226-இல் வாங்கித் தருவேன் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. இரவில் நல்ல செய்தி ஒன்று வந்து பங்கு காலையில் நேராக 262-இல் திறந்தால், 262-இல்தான் வாங்கப்படும். பங்குக்கு 48 இழப்பு, மொத்தம் 19,200. திட்டமிட்டதைப்போல் நான்கு மடங்கு.

இது வெறும் கணக்குப் பயிற்சி அல்ல. கேம்ஸ்டாப் பங்கு 2021 ஜனவரி 26 அன்று 148 டாலரை ஒட்டி முடிந்தது, மறுநாள் 350 டாலருக்கு மேலே திறந்தது. அந்த இரவு நடுவில் ஸ்டாப் வைத்திருந்த எவருக்கும் அது உதவவில்லை. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் அந்தப் பங்கு 20 டாலருக்கும் கீழே இருந்தது.

ஆக, இரவுப் பாய்ச்சலுக்கு மருந்து ஸ்டாப் அல்ல, எண்ணிக்கை. நம் 400 பங்கு மறுநாள் இரட்டிப்பாகித் திறந்தாலும் இழப்பு 85,600, கணக்கில் 17 சதவீதம். வலிக்கும், ஆனால் எழுந்துகொள்ளலாம். மார்ஜின் என்ற அந்தப் பிணை விதி அனுமதிக்கிறதே என்று இதே 5 லட்சத்தை வைத்து 4,600 பங்கு விற்றிருந்தால், 262-இல் திறந்த ஒரே காலையில் 2,20,800 போயிருக்கும். ஸ்டாப்பை வைத்து எண்ணிக்கையைக் கண்டுபிடித்த பிறகு, 'இரட்டிப்பானால் என்ன ஆகும்?' என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டு, இரண்டில் சிறிய எண்ணை எடுப்பது என் வழக்கம். காலாண்டு முடிவு வெளியாகும் நாளுக்கு முன் பாதியையாவது மூடிவிடுவதும் அதே காரணத்தால்தான்.

10. மோசமான விலையில் வாங்கிவிடக்கூடாது என்றுதான் ஸ்டாப்-லிமிட் ஆணை போடுகிறேன். அது பாதுகாப்புதானே?

வாங்கிய பங்கை விற்கும்போதும் அதில் ஆபத்து உண்டு. ஷார்ட்டில் அது இன்னும் பெரியது. 226-இல் விழித்து 228 வரை மட்டும் வாங்கு என்று போட்டிருக்கிறீர்கள். பங்கு 262-இல் திறக்கிறது. ஆணை விழிக்கும், 228-இல் விற்பவர் யாரும் இல்லை, அப்படியே நிற்கும். அன்று மாலை விலை 285 என்றால் இழப்பு 28,400, நிலையும் இன்னும் திறந்தே கிடக்கிறது. கெட்ட விலையிலிருந்து உங்களைக் காப்பதாகச் சொல்லி, வெளியேறும் கதவையே அது பூட்டிவிடுகிறது. அதிகம் புழங்காத, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் பெரிய இடைவெளி உள்ள பங்கில் லிமிட் தேவைப்படும் என்பீர்கள். அப்படிப்பட்ட பங்கை ஷார்ட் செய்யாமல் இருப்பதே மேல்.

கூடவே ஆணையின் ஆயுளையும் பாருங்கள். நான் ஒருமுறை ஒரு நாள் மட்டும் செல்லும் ஆணையைப் போட்டுவிட்டு, வாரம் முழுவதும் ஸ்டாப் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஊருக்குப் போய்விட்டேன். அது முதல் நாள் மாலையே காலாவதியாகியிருந்தது.

11. கட்டணம் திடீரென்று 18-லிருந்து 90 சதவீதம் ஆகிவிட்டது. அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. விகிதம் பெரும்பாலும் நிலையானதல்ல, நாளுக்கு நாள் மாறக்கூடியது. பங்கு இப்போது 200-இல் இருக்கிறது, நம் இலக்கு 190 என்று வைத்துக்கொண்டால் இன்னும் எடுக்கவேண்டிய லாபம் 4,000. புதிய விகிதத்தில் ஒரு நாள் கட்டணம் 400 × 200 × 0.90 ÷ 360 = 200. இருபது நாள் காத்திருந்தால் மிச்ச லாபம் முழுவதும் கட்டணத்துக்கே போய்விடும். ஒரு வாரத்துக்குள் இறங்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் இருங்கள், இல்லையென்றால் மூடுங்கள்.

கட்டணத்தைவிட அது சொல்லும் செய்திதான் முக்கியம். விகிதம் எகிறுகிறது என்றால் இரவல் பங்கு தீர்ந்துவருகிறது, உங்களைப்போல் விற்றவர்கள் நிறையப் பேர் என்று பொருள். இரவல் கொடுத்தவர் தன் பங்கைத் திரும்பக் கேட்டால் தரகர் வேறிடத்தில் தேடுவார். கிடைக்காவிட்டால், அன்றைய விலைக்கு உங்கள் பெயரில் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். 226 என்ற உங்கள் ஸ்டாப்புக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. இது பெரும்பாலும் பங்கு வேகமாக ஏறும் நாளில்தான் நடக்கும், ஏனென்றால் அன்றுதான் உரியவர் தன் பங்கை விற்க விரும்புவார்.

முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு கணக்கு உண்டு. இரவல் வாங்கி விற்கப்பட்டிருக்கும் மொத்தப் பங்குகளை, ஒரு நாளில் சராசரியாகக் கைமாறும் பங்குகளால் வகுங்கள். எல்லோரும் மூட எத்தனை நாள் ஆகும் என்று தெரியும். ஒன்றோ இரண்டோ என்றால் கவலையில்லை. எட்டு, பத்து என்று வந்தால் வாசல் சிறியது, உள்ளே கூட்டம் பெரியது.

12. நடுவில் டிவிடெண்ட் அறிவித்தார்கள். என் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டார்களே?

பங்குக்குச் சொந்தக்காரர் வேறொருவர். இரவல் கொடுத்ததால் அவருடைய டிவிடெண்ட் போய்விடாது, அதை நீங்கள் தரவேண்டும். பங்குக்கு 1.50 என்றால் 400 பங்குக்கு 600. டிவிடெண்ட் தகுதி முடியும் நாளில் பங்கின் விலையும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துதான் திறக்கும் என்பதால் பெரும்பாலும் இது நஷ்டம் ஆவதில்லை. வரிக் கணக்கில் மட்டும் இரண்டும் ஒன்றாக நடத்தப்படாமல் போகலாம்.

13. நினைத்தபடியே விழுகிறது. ஸ்டாப்பை எப்போது கீழே இறக்குவது?

பங்கு 191 வரை விழுந்து 205 வரை மீண்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்டாப்பை 209-க்கு இழுக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். 205 ஓர் உச்சம்தானா, அல்லது இன்னும் ஏறப்போகும் கால் நடுவழியில் மூச்சு வாங்குகிறதா என்று இன்னும் தெரியாது. 191 உடைந்து புதிய தாழ்வு வந்த பிறகுதான் 205 ஒரு தாழ்ந்த உச்சம் என்பது உறுதியாகிறது. அப்போது ஐந்தாம் கேள்வியில் போட்ட அதே கணக்கு: 205 + 4 = 209. அதற்குப் பிறகு ஸ்டாப் பட்டாலும் பங்குக்கு 5 வீதம் 2,000 லாபம், கட்டணம் போக.

ஸ்டாப்பைக் கீழே மட்டுமே நகர்த்தலாம். மேலே நகர்த்துவது ஸ்டாப் இல்லாமல் இருப்பதற்கு இன்னொரு பெயர்.

14. பங்கு 224-க்கு ஏறியிருக்கிறது, என் ஸ்டாப் 226. இங்கே இன்னும் 400 விற்றால் சராசரி விலை நன்றாக இருக்குமே?

சராசரி 219 ஆகும், பார்க்க அழகாக இருக்கும். 222 ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதை மட்டும் அது மறைத்துவிடும். நீங்கள் விற்றதற்கான காரணம் பாதி செத்த நிலையில் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறீர்கள். எட்டாம் கேள்வியில் சொன்னபடி, தவறாகும்போது நிலை தானாகவே வீங்குகிறது. அதற்கு மேல் நீங்களும் ஊதவேண்டியதில்லை. ஸ்டாப் 226-இலேயே இருந்தால்கூட இழப்பு 5,600 ஆகி 1 சதவீத வரம்பைத் தாண்டுகிறது. காலை 262-இல் திறந்தால் 34,400.

15. இவ்வளவு தொல்லைக்குப் பதில் புட் ஆப்ஷன் வாங்கிவிட்டால் கட்டணமும் இல்லை, எல்லையற்ற நஷ்டமும் இல்லை, சரிதானே?

இரண்டாவது பாதி சரி. புட் என்பது குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை. அதை வாங்கியவர், அதன் விலையாகக் கொடுத்த பிரீமியத்துக்கு மேல் இழக்கமாட்டார், இரவுப் பாய்ச்சலும் அவரைத் தொடாது. முதல் பாதிதான் ஏமாற்றம். உங்களுக்குப் புட் விற்பவர் தன்னைக் காத்துக்கொள்ள அதே பங்கை இரவல் வாங்கி விற்கிறார், அதே 90 சதவீதக் கட்டணத்தைக் கட்டுகிறார். அதைத் தன் கையிலிருந்து போடமாட்டார். பிரீமியத்தில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். இரவல் கிடைக்காத பங்குகளில் புட் விலை கண்ணைக் கட்டுவதற்கு இது ஒரு காரணம்.

பங்கை விற்று, கூடவே மேலே ஒரு குறித்த விலையில் அதை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனையும் வாங்கி வைப்பது இன்னொரு வழி. 240 விலைக்கான கால் ஆப்ஷன் பங்குக்கு 3-க்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். பங்கு எங்கே திறந்தாலும் உங்களால் 240-இல் வாங்கமுடியும். ஆக, மிக மோசமான இழப்பு 26-உம் பிரீமியம் 3-உம் சேர்ந்து 29, மொத்தம் 11,600. ஒன்பதாம் கேள்வியின் 19,200-க்கு இங்கே உண்மையான கூரை விழுகிறது. ஆனால் 1,200 முன்பணமாகப் போய்விடும். ஆகவே எல்லா நாளும் அல்ல, காலாண்டு முடிவு போன்ற நாளைக் கடக்கவேண்டியிருந்தால் மட்டும் இதைச் செய்கிறேன்.

16. கம்பெனி திவாலாகிவிட்டது, பங்கு 0.12-க்கு வந்துவிட்டது. இனி வாங்கித் திருப்பாமல் அப்படியே விட்டால் முழு லாபமும் எனக்குத்தானே?

திவால் அறிவித்தவுடன் பங்கு மறைந்துபோவதில்லை. அது அதிகாரபூர்வமாக ரத்தாகும்வரை உங்கள் இரவல் திறந்தே இருக்கும், அதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். அதுவரை கட்டணமும் ஓடும். அமெரிக்கச் சந்தை வழக்கத்தில், இரவலுக்கான பிணையைக் கணக்கிடும்போது பங்கின் விலையை அடுத்த முழு டாலருக்கு உயர்த்திவிடுவார்கள். 0.12 டாலர் பங்கும் 1 டாலராகவே எண்ணப்படும். உங்கள் 400 பங்குகளின் சந்தை மதிப்பு 48 டாலர், கட்டணமோ 400 டாலர் மீது. விகிதம் 90 சதவீதமாக இருந்தால் நாளொன்றுக்குச் சரியாக 1 டாலர். அந்தக் கடைசி 48 டாலரை விட மனமில்லாமல் வைத்திருந்தால் 48 நாளில் அது கரைந்துவிடும், 49-ஆம் நாளிலிருந்து ஏற்கெனவே சம்பாதித்ததைத் தின்னத் தொடங்கும். சந்தையில் வர்த்தகம் நிறுத்தப்பட்டுவிட்டால் வாங்கித் திருப்பவும் வழியிருக்காது, கட்டணம் மட்டும் நிற்காது. 0.12-க்குக் கிடைக்கும்போதே வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.